ஒரு நிமிடக் காணொளி: கடிதத்தைப் படிக்காதீர்கள், பேசப்போவதை எழுதுங்கள்

தொழிற்பயிற்சிக்கும் பகுதிநேர வேலைக்கும் விண்ணப்பிக்கும் மாணவர்கள் இப்போது சில விளம்பரங்களில் ஒரு புதிய வரியைப் பார்க்கிறார்கள். 'விண்ணப்பக் கடிதம் தேவையில்லை. ஒரு நிமிடத்துக்கு மிகாத அறிமுகக் காணொளியைச் சுயவிவரத்துடன் அனுப்பவும்' என்பதே அந்த வரி. பார்த்தவுடன் பலருக்கும் தோன்றும் முதல் கேள்வி, எந்தச் சட்டை போடுவது, எங்கே நின்று எடுப்பது என்பதுதான். ஆனால் அந்த ஒரு நிமிடத்தில் என்ன பேசப் போகிறோம் என்பது முடிவாகாமல் சட்டையும் வெளிச்சமும் உதவப் போவதில்லை. இக்கட்டுரை அந்தப் பேச்சை எழுதித் தயாரிப்பது பற்றியது.

இது நம் நாட்டில் மட்டும் நடப்பதல்ல. 2021 ஜூலை மாதத்தில் டிக்டாக் நிறுவனம் அமெரிக்காவில் ஒரு சோதனை நடத்தியது. வேலை தேடுவோர் தங்கள் சுயவிவரத்தைக் குறுங்காணொளியாகவே நிறுவனங்களுக்கு அனுப்பலாம் என்று அந்த மாத இறுதிவரை வாய்ப்பளித்தது. கடிதத்துக்குப் பதில் காணொளி கேட்கும் வழக்கம் அதற்கு முன்பே இருந்தது. கைப்பேசியில் எவரும் படம் எடுக்க முடியும் என்றான பிறகு அது சிறிய நிறுவனங்களுக்கும் வந்துவிட்டது.

கண்ணுக்கு ஒரு மொழி, காதுக்கு ஒரு மொழி

கடிதமும் காணொளியும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. சுயவிவரத்தில் இல்லாத ஒன்றைச் சொல்லி, 'இவரை அழைத்துப் பேசலாம்' என்று தோன்ற வைக்க வேண்டும். ஆனால் கடிதத்தைப் படிப்பவர் தனக்கு வேண்டிய வேகத்தில் படிப்பார். புரியாத வரிக்குத் திரும்பி வருவார். தேவையற்ற பத்தியைத் தாண்டிப் போவார். காணொளியைப் பார்ப்பவருக்கு அந்த வசதி இல்லை. நாம் பேசும் வேகத்தில்தான் அவர் கேட்க வேண்டும். ஒரு வாக்கியம் புரியவில்லை என்றால் அதை யோசிப்பதற்குள் அடுத்த இரண்டு வாக்கியங்கள் ஓடியிருக்கும்.

தமிழ் படித்த நமக்கு இந்த வேறுபாடு புதிதல்ல. அலுவல் கடிதத்தில் 'தங்களின் மேலான கவனத்திற்குப் பணிவுடன் கொண்டுவருகிறேன்' என்று எழுதுவோம். அதே விஷயத்தை ஆசிரியரிடம் நேரில் சொல்லும்போது, 'சார், ஒரு விஷயம் சொல்லணும்' என்றுதான் தொடங்குவோம். எழுத்துத் தமிழும் பேச்சுத் தமிழும் வேறு வேறு என்பது நமக்குப் பழகிப்போன ஒன்று. வேடிக்கை என்னவென்றால், ஆங்கிலத்திலோ மலாயிலோ காணொளி தயாரிக்கும்போது இதை மறந்துவிடுகிறோம். அந்த மொழிகளிலும் கடித நடை ஒன்று, பேச்சு நடை ஒன்று உண்டு. எஸ்.பி.எம். தேர்வுக்காக மனப்பாடம் செய்த கடித நடை நாவில் ஏறிவிடுவதால், கேமராவைப் பார்த்துக் கடிதத்தையே ஒப்பிக்கிறோம்.

பேச்சு நடை என்றால் அரட்டை நடை என்று பொருள் கொள்ள வேண்டாம். 'லா', 'மா' என்று முடிக்கும் நம்மூர் ஆங்கிலம் இதற்குப் பொருந்தாது. உங்களுக்கு மரியாதைக்குரிய ஒருவர், எடுத்துக்காட்டாக ஒரு விரிவுரையாளர், 'என்ன செய்துகொண்டிருக்கிறாய்?' என்று கேட்டால் எப்படிப் பதில் சொல்வீர்களோ, அந்த நடைதான் சரியான அளவு.

உங்கள் நிமிடத்தில் எத்தனை சொற்கள்?

எழுதத் தொடங்குமுன் ஓர் அளவு வேண்டும். ஆங்கிலத்தில் நிதானமாகப் பேசினால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 130 முதல் 150 சொற்கள் என்று பொதுவாகச் சொல்வார்கள். இந்தக் கணக்கை அப்படியே தமிழுக்குக் கொண்டுவர முடியாது. ஆங்கிலத்தில் மூன்று நான்கு சொற்களில் சொல்வதைத் தமிழில் 'செய்துகொண்டிருந்தேன்' என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். சொல் நீளமானது, அதனால் ஒரு நிமிடத்தில் அடங்கும் எண்ணிக்கை குறைவு.

ஆகவே பிறர் சொல்லும் எண்ணைவிட உங்கள் சொந்த எண்ணைக் கண்டுபிடிப்பது நல்லது. கைப்பேசியில் ஒலிப்பதிவை இயக்கி, நேற்று காலை முதல் மாலை வரை என்ன செய்தீர்கள் என்று ஒரு நிமிடம் பேசுங்கள். விண்ணப்பத்துக்கு எந்த மொழியில் பேசப் போகிறீர்களோ அதே மொழியில் பேசுங்கள். பிறகு அதைக் கேட்டுச் சொற்களை எண்ணுங்கள். புத்தகத்தைப் படித்து அளக்க வேண்டாம். படிக்கும்போது நாம் வேகமாகப் போகிறோம், யோசித்துப் பேசும்போது நின்று நின்று போகிறோம்.

கிடைத்த எண்ணில் பத்தில் ஒரு பங்கைக் கழித்துக்கொள்ளுங்கள். அறுபது விநாடி கேட்டால் ஐம்பத்தைந்துக்கு எழுதுவதே பாதுகாப்பு. பதிவுப் பொத்தானை அழுத்திவிட்டுப் பேசத் தொடங்கவும், பேசி முடித்துப் பொத்தானை அழுத்தவும் சில விநாடிகள் போகும். நேர வரம்பைத் தாண்டிய காணொளியைச் சில விண்ணப்பப் பக்கங்கள் ஏற்பதே இல்லை.

இந்த அளவு கையில் வந்ததும் ஓர் உண்மை புரியும். ஒரு நிமிடம் என்பது கடிதத்தின் முழு உள்ளடக்கத்துக்குப் போதாது. அதில் ஒரு கருத்தும் அதற்கு ஒரு சான்றும்தான் இடம்பெறும்.

கிள்ளானில் ஒரு தோழியின் முதல் வரைவு

இதை ஓர் எடுத்துக்காட்டுடன் பார்ப்போம். கிள்ளானில் வசிக்கும் என் தோழி ஒருவர் லாஜிஸ்டிக்ஸ் துறையில் டிப்ளோமா படிக்கிறார். கிள்ளான் துறைமுகப் பகுதியில் உள்ள ஒரு நிறுவனத்தின் கிடங்குப் பிரிவில் தொழிற்பயிற்சிக்கு விண்ணப்பித்தார். ஒரு நிமிடக் காணொளி கேட்டிருந்தார்கள். ஆங்கிலத்திலோ மலாயிலோ பேசலாம் என்று இருந்தது. அவர் ஆங்கிலத்தைத் தேர்ந்தெடுத்தார். இங்கே நான் தருவது அதன் தமிழ் வடிவம்.

முதல் வரைவு இப்படித் தொடங்கியது: 'வணக்கம். என் பெயர் இது. எனக்கு இருபது வயது. நான் சிலாங்கூர் மாநிலத்தின் கிள்ளான் நகரில் என் பெற்றோருடனும் இரண்டு தம்பிகளுடனும் வசித்து வருகிறேன். எனது இடைநிலைக் கல்வியை முடித்த பிறகு, லாஜிஸ்டிக்ஸ் துறையின்பால் எனக்கு இருந்த ஆழ்ந்த ஈடுபாட்டின் காரணமாக, தற்போது டிப்ளோமா பயின்று வருகிறேன். நான் கடின உழைப்பாளி. நேரம் தவறாதவள். குழுவாகவும் தனியாகவும் செயல்படக் கூடியவள். எனது பொழுதுபோக்கு பூப்பந்து விளையாடுவதும் பாடல் கேட்பதும் ஆகும்.'

இதில் பொய் எதுவும் இல்லை, இலக்கணப் பிழையும் இல்லை. ஆனாலும் கேட்டு முடித்தபோது அவர் யார் என்று தெரியவில்லை. ஏன் என்று பார்த்தோம்.

முதலாவதாக, ஏறத்தாழ பாதி நேரம் சுயவிவரத்திலேயே இருக்கும் செய்திகளுக்குப் போய்விட்டது. வயது, ஊர், படிப்பு எல்லாம் நிறுவனத்தின் கையில் ஏற்கெனவே இருக்கும். தம்பிகள் எத்தனை பேர் என்பது கிடங்குக்குத் தேவையில்லை.

இரண்டாவதாக, 'கடின உழைப்பாளி, நேரம் தவறாதவள்' என்ற வரிகளைப் பெயரை மாற்றிவிட்டு வேறு எந்த மாணவரும் சொல்லலாம். இது ஒரு நல்ல சோதனை. உங்கள் வரைவை ஒரு நண்பரிடம் கொடுத்து, அவர் பெயரில் படிக்கச் சொல்லுங்கள். எந்த வாக்கியம் அவருக்கும் அப்படியே பொருந்துகிறதோ, அந்த வாக்கியம் உங்களைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

மூன்றாவதாக, 'முடித்த பிறகு, ஈடுபாட்டின் காரணமாக, தற்போது' என்று போன வாக்கியம் காதுக்கு நீளம். தமிழில் வினைச்சொல் கடைசியில் வருவதால் காரணத்தை முன்னே வைத்து நீட்டிக்கொண்டே போவது நமக்கு இயல்பு. அதே பழக்கத்தில் ஆங்கில வாக்கியத்தையும் கட்டுகிறோம். எழுத்தில் அது நிற்கும். கேட்பவரோ, என்ன சொல்ல வருகிறார் என்று வாக்கியம் முடியும்வரை காத்திருக்க வேண்டும்.

சொல்ல வேண்டிய ஒன்றைக் கண்டுபிடிப்பது

தாளை மூடி வைத்துவிட்டு, கேள்வி கேட்கும் முறைக்குப் போனோம். 'உன் திறமை என்ன?' என்று கேட்டால் மறுபடியும் அடைமொழிகள்தான் வரும். ஆகவே நான் கேட்டது வேறு: 'நீ போவதற்கு முன் ஒரு மாதிரி இருந்து, நீ போன பிறகு வேறு மாதிரி ஆன ஒரு விஷயத்தைச் சொல். எவ்வளவு சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை.'

கொஞ்சம் யோசித்துவிட்டு, தீபாவளிக்கு முன் ஜாலான் தெங்கு கிளானா பக்கம் ஒரு துணிக்கடையில் மூன்று வாரம் வேலை செய்ததைப் பற்றிப் பேசத் தொடங்கினார். சுயவிவரத்தில் அது 'விற்பனை உதவியாளர்' என்று ஒரே வரியாக இருந்தது. பேசும்போது வேறு கதை வந்தது. ஜிப்பா வாங்க வருபவர்கள் அளவு கேட்பார்கள். இருக்கிறதா என்று பார்க்க யாராவது மாடிக்கு ஓட வேண்டும். கூட்ட நேரத்தில் அவர் இறங்கி வருவதற்குள் வாங்க வந்தவர் அடுத்த கடைக்குப் போயிருப்பார். தோழி ஓர் அட்டையில் கட்டம் போட்டு, ஒவ்வொரு ஜிப்பா வகையிலும் எந்த அளவு எத்தனை மீதம் என்று தினமும் கடை மூடும்போது எழுதி, கல்லாவுக்குப் பின்னால் ஒட்டினார். முதல் இரண்டு நாள் கணக்கு ஒத்து வரவில்லை. அளவு மாற்றிக்கொள்ளத் திருப்பிக் கொண்டுவந்த துணிகளை எழுதாமல் விட்டதுதான் காரணம். அதற்கும் ஒரு கட்டம் சேர்த்தார். பிறகு மாடிக்கு ஓடும் வேலை ஏறக்குறைய நின்றுபோனது.

கிடங்கு வேலைக்கு இதைவிடப் பொருத்தமான சான்று வேறு என்ன வேண்டும்? ஆனால் அவர் இதைச் சொல்லத் தயங்கினார். 'சின்ன விஷயம்தானே, கடையில் எல்லாரும் செய்வதுதானே' என்றார். பூப்பந்து இடம்பெற்ற வரைவில் இந்த அட்டை இடம்பெறாமல் போனது அந்தத் தயக்கத்தால்தான்.

பெரிய சாதனைகளை அடுக்குவதுதான் வழி என்று நினைப்பவர்களுக்கு 2006-இல் அமெரிக்காவில் நடந்ததைச் சொல்லலாம். யேல் பல்கலைக்கழக மாணவர் ஒருவர் யுபிஎஸ் வங்கிக்கு வேலை கேட்டு ஒரு காணொளி அனுப்பினார். பளு தூக்குவது, பனிச்சறுக்கு, டென்னிஸ், நடனம், கையால் செங்கல் உடைப்பது என்று வரிசையாகக் காட்சிகள் இருந்தன. வங்கி வேலையை அவர் எப்படிச் செய்வார் என்பதற்கு அவற்றில் எதுவும் விடை சொல்லவில்லை. அது போதாதென்று, அந்தக் காணொளி வெளியே கசிந்து இணையம் முழுக்கக் கேலிக்குள்ளானது. கிள்ளான் கடையின் அட்டை, செங்கல் உடைப்பதைவிடச் சிறிய செயல்தான். ஆனால் அது கேட்ட வேலையோடு தொடர்புடையது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 'என் அட்டையால் விற்பனை முப்பது விழுக்காடு உயர்ந்தது' என்று ஓர் எண்ணைச் சேர்க்க ஆசை வரும். அதை யாரும் அளக்கவில்லை என்றால் சொல்லக் கூடாது. நேர்முகத் தேர்வில் அடுத்த கேள்வியே 'எப்படிக் கணக்கிட்டீர்கள்?' என்பதாக இருக்கும். மாடிக்கு ஓடுவது நின்றது என்பது கண்ணால் பார்த்த மாற்றம். அது போதும்.

பேசியதை எழுத்தாக்குவது

அந்தக் கதையை அவர் என்னிடம் தமிழில் சொன்னபோது ஒலிப்பதிவு செய்துகொண்டோம். வரைவின் முதுகெலும்பு அதிலிருந்துதான் வந்தது. நன்றாகப் பழகிய மொழியில் சொல்லும்போது நிகழ்ச்சி தானாகவே சரியான வரிசையில் வருகிறது: என்ன சிக்கல், என்ன செய்தேன், என்ன ஆனது. அந்த வரிசையை வைத்துக்கொண்டு ஆங்கிலத்தில் புதிதாக எழுதினார். தமிழ் வாக்கியத்தை அப்படியே மொழிபெயர்க்கவில்லை. மொழிபெயர்த்திருந்தால் நீள வாக்கியங்கள் திரும்பி வந்திருக்கும்.

எழுதிய ஒவ்வொரு வாக்கியத்தையும் சத்தமாகப் படித்து, ஒரே மூச்சில் முடிகிறதா என்று பார்த்தார். முடியாதவற்றை இரண்டாக உடைத்தார். நாக்கு இடறிய சொற்களை மாற்றினார். 'இன்வெண்டரி' என்பது மூன்று முறையும் தடுக்கியது, அந்த இடத்தில் 'ஸ்டாக்' வந்தது. எண்களிலும் கவனம் தேவைப்பட்டது. ஆங்கிலத்தில் 'ஃபோர்ட்டீன்' என்பதும் 'ஃபோர்ட்டி' என்பதும் சாதாரண கைப்பேசிப் பதிவில் ஒன்றுபோல் கேட்கும். பதினான்கு என்று வந்த இடத்தை 'இரண்டு வாரம்', 'ஒரு டஜனுக்கு மேல்' என்பதுபோல் மாற்றிச் சொன்னால் குழப்பம் வராது. தோழியின் வரைவில் தேவையான எண்கள் சிலவே என்பதால் மற்றவற்றை எடுத்தேவிட்டோம்.

கடைசியில் நின்ற வரைவு இது:

'வணக்கம், நான் (பெயர்). லாஜிஸ்டிக்ஸ் டிப்ளோமா மாணவி. உங்கள் கிடங்குப் பிரிவில் தொழிற்பயிற்சிக்கு விண்ணப்பிக்கிறேன்.

கடந்த தீபாவளிக்கு முன் ஒரு துணிக்கடையில் மூன்று வாரம் வேலை செய்தேன். வாடிக்கையாளர் ஓர் அளவைக் கேட்பார். இருக்கிறதா என்று பார்க்க நாங்கள் மாடிக்கு ஓடுவோம். இறங்கி வருவதற்குள் சிலர் போய்விடுவார்கள்.

நான் ஓர் அட்டை தயாரித்தேன். எந்த ஜிப்பாவில் எந்த அளவு எத்தனை மீதம் என்று, தினமும் கடை மூடும்போது எண்ணி எழுதினேன். முதல் இரண்டு நாள் கணக்கு ஒத்து வரவில்லை. மாற்றிக் கொடுத்த துணிகளைச் சேர்க்கவில்லை. அதற்கும் ஒரு கட்டம் போட்டேன். நான்காம் நாளிலிருந்து கல்லாவில் நின்றபடியே பதில் சொன்னோம்.

உங்கள் கிடங்கிலும் இதே கேள்விதான் என்று நினைக்கிறேன்: எது, எத்தனை, எங்கே? அதைப் பெரிய அளவில் கற்றுக்கொள்ள விரும்புகிறேன். மார்ச் முதல் ஆறு மாதம் வர முடியும். நன்றி.'

தமிழில் இது 91 சொற்கள். ஐம்பத்தைந்து விநாடியில் முடிக்க வேண்டும் என்றால் நான்கு பத்திகளும் ஏறத்தாழ 7, 14, 22, 12 விநாடிகள் எடுக்கும். ஒவ்வொரு பத்திக்கும் ஒரு வேலை இருப்பதைப் பாருங்கள். முதல் பத்தி, யார், எந்த வேலைக்கு என்று சொல்கிறது. ஒரே நாளில் பல காணொளிகள் பார்ப்பவருக்கு எந்தப் பதவிக்கான விண்ணப்பம் என்பது உடனே தெரிய வேண்டும். இரண்டாவது சிக்கலைக் காட்டுகிறது. மூன்றாவது அவர் செய்ததைச் சொல்கிறது, அதனால்தான் அதற்கு நேரம் அதிகம். நான்காவது, கடையையும் கிடங்கையும் இணைத்து, எப்போது வர முடியும் என்று முடிக்கிறது.

கணக்கு ஒத்து வராத அந்த வரியை எடுத்துவிடலாமா என்று தோழி கேட்டார். வைத்திருப்பதே நல்லது என்று தோன்றியது. உண்மையில் அந்த வேலையைச் செய்தவருக்கு மட்டுமே தெரியக்கூடிய விவரம் அது. எண்ணிக்கை தவறினால் காரணத்தைத் தேடுவார் என்பதும் அதிலேயே தெரிகிறது. 'நான் கவனமானவள்' என்று ஒரு வாக்கியம் சொல்லத் தேவையே இல்லாமல் போனது.

மனப்பாடமா, பார்த்துப் படிப்பதா?

இரண்டிலும் ஆபத்து உண்டு. திரைக்குப் பக்கத்தில் தாளை ஒட்டிப் படித்தால் கண்கள் இடமும் வலமும் நகர்வது அப்படியே தெரியும். முழுவதும் மனப்பாடம் செய்தால் ஒரு சொல் மறந்தவுடன் எல்லாம் நின்றுவிடும். நடுவழி ஒன்று இருக்கிறது. முதல் வாக்கியத்தையும் கடைசி வாக்கியத்தையும் சொல் மாறாமல் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் உள்ளதற்கு ஒரு பத்திக்கு ஒரு குறிச்சொல் போதும். தோழியின் துண்டுத்தாளில் இருந்தவை நான்கே சொற்கள்: கிடங்கு, மாடி, அட்டை, மார்ச். கிள்ளானிலிருந்து கே.எல். சென்ட்ரல் வரும் கொமுட்டர் ரயிலில் அந்தத் தாளைப் பார்த்து மனத்துக்குள் சொல்லிப் பழகினார். ஒவ்வொரு முறையும் சொற்கள் கொஞ்சம் மாறும். மாறுவது நல்லதுதான், அப்போதுதான் பேச்சாக இருக்கும்.

ஆனால் மனத்துக்குள் சொல்வதை வைத்து நேரத்தைக் கணக்கிட வேண்டாம். வாய்விட்டுச் சொல்லும்போது மூச்சுக்கும் நிறுத்தத்துக்கும் கூடுதல் நேரம் ஆகும். நேரம் பார்ப்பது எப்போதும் சத்தமாகப் பேசித்தான்.

முதல் பதிவை எடுத்ததும் இரண்டு முறை சோதியுங்கள். ஒரு முறை திரையைக் கவிழ்த்து வைத்துவிட்டு ஒலியை மட்டும் கேளுங்கள். எல்லா வாக்கியங்களும் ஒரே ராகத்தில் இறங்கி முடிந்தால் நீங்கள் இன்னும் படித்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று பொருள். வாக்கியத்தின் நடுவே மூச்சு வாங்கினால் அந்த வாக்கியத்தை மீண்டும் உடைக்க வேண்டும். அடுத்த முறை ஒலியை நிறுத்திவிட்டுப் படத்தை மட்டும் பாருங்கள். கண்கள் எங்கே போகின்றன என்பது அப்போது தெரிந்துவிடும்.

இடத்தின் ஒலியும் பேச்சைக் கெடுக்கும். பிரிக்பீல்ட்ஸில் ஜாலான் துன் சம்பந்தனை ஒட்டிய அறையில் எடுத்தால் மோனோரயில் போகும் ஒவ்வொரு முறையும் ஒரு சொல் அதில் கரைந்துவிடும். அது 'நான்காம்' என்ற சொல்லாகவோ உங்கள் பெயராகவோ இருந்தால் இழப்பு பெரிது. சாலைக்கு எதிர்ப்புறமுள்ள அறையில், சன்னலைச் சாத்தி, மின்விசிறியை நிறுத்திவிட்டு, கைப்பேசியை ஒரு கை நீளத்துக்குள் வைத்து எடுங்கள். பிறகு, உங்களைத் தெரியாத ஒருவரிடம் கொடுத்து ஒரு முறை மட்டும் கேட்கச் சொல்லுங்கள். என்ன வேலைக்கு விண்ணப்பம், என்ன செய்தார் என்ற இரண்டையும் அவர் சரியாகச் சொல்லிவிட்டால் வரைவு தயார். சொல்ல முடியவில்லை என்றால் மாற்ற வேண்டியது வரைவைத்தான், கேமராவை அல்ல.

எதைச் சொல்லக் கூடாது

அடையாள அட்டை எண், வீட்டு முகவரி, தொலைபேசி எண் ஆகியவற்றைக் காணொளியில் சொல்ல வேண்டாம். அவை சுயவிவரத்தில் இருந்தால் போதும். யேல் மாணவருக்கு நேர்ந்ததுபோல் காணொளி நம் கையை விட்டுப் போனால் திரும்பப் பிடிக்க முடியாது. வேலை செய்த கடையின் பெயரையும் தோழி சொல்லவில்லை. கடையின் சிக்கலைப் பற்றிப் பேசுவதால் அது நாகரிகமும் கூட.

நம் நாட்டில் 2010-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, வணிக நிறுவனங்கள் நம் தரவுகளை எதற்காகச் சேகரிக்கின்றன என்று அறிவிக்க வேண்டும். முகமும் குரலும் உள்ள காணொளியும் நம்மை அடையாளம் காட்டும் தரவுதான். விண்ணப்பப் பக்கத்தில் அந்த அறிவிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். நிறுவனத்தின் பெயரே இல்லாமல், முன்பின் தெரியாத ஒரு வாட்ஸ்அப் எண்ணுக்குக் காணொளி அனுப்பச் சொன்னால் அனுப்பாதீர்கள்.

எல்லா வேலைக்கும் இதே வரைவு உதவாது. தோழி அடுத்து வாடிக்கையாளர் சேவைப் பணிக்கு விண்ணப்பித்தால், அதே துணிக்கடையிலிருந்து வேறு நிகழ்ச்சியை எடுக்க வேண்டும். காத்திருந்த ஒருவரிடம் என்ன சொல்லி நிற்க வைத்தார் என்பது அங்கே பொருந்தும். அட்டை அங்கே எடுபடாது. வேலை விளம்பரத்தில் உள்ள முதல் பொறுப்பைப் படித்து, அதற்கு நெருக்கமாக நீங்கள் செய்த ஒன்றைத் தேடுவதுதான் ஒவ்வொரு முறையும் முதல் படி. கடையில் வேலை செய்யாதவர்களுக்கு மன்றத்தின் கணக்கு, தம்பி தங்கைக்குச் சொல்லிக் கொடுத்த பாடம், கோயில் திருவிழாவில் கவனித்த அன்னதானப் பந்தி என்று ஏதாவது இருக்கும்.

தோழியை நேர்முகத் தேர்வுக்கு அழைத்தார்கள். அங்கே அவரிடம் கேட்ட முதல் கேள்வி, 'அந்த அட்டையில் என்னென்ன கட்டங்கள் இருந்தன?' என்பது. அவர் ஒரு தாளை வாங்கி அதை வரைந்து காட்டினார்.